முழு வசனமா, மூன்று பத்தியா?

காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவருடன் கோர்வைச் சேலை பற்றி 40 நிமிட வீடியோ பாட்காஸ்ட். இதற்கு இரண்டு விதமாக ஸ்கிரிப்ட் எழுதி, இரண்டு முறை பதிவு செய்தோம். முதலாவதில் கேள்வி, இணைப்புரை, விருந்தினரின் முகபாவம் வரை எல்லாமே வரிக்கு வரி இருந்தன. இரண்டாவதில் பேச்சு, காட்சி, விருந்தினர் என்று மூன்று பத்திகளில் குறிப்புகள் மட்டும்.

பெரிய வேறுபாடு விருந்தினர் பத்தியில்தான். கோர்வையில் உடலும் கரையும், குறுக்கே ஓடும் தனித்தனி ஊடை நூலால் நெய்யப்பட்டு, சேருமிடத்தில் பின்னிக்கொள்ளும். கோர்வை அல்லாத சேலையில் உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடும். இரண்டையும் அவர் கையில் கொடுப்பதுதான் நிகழ்ச்சியின் உச்சம். முழு வசனத்தில், "வாங்கிப் பார்த்து வியக்கிறார்" என்று எழுதி முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். அவர் தயாராக வந்தார். கேமரா திரும்புவதற்குள், "இது கோர்வை, அது இல்லை" என்று முடித்துவிட்டார்.

இரண்டாம் முறை வேறு இரண்டு சேலைகள். குறிப்பு இவ்வளவுதான்: "சேலைகள் மேசைக்கு அடியில். இரண்டாம் கேமரா முன்பே அவர் கைமீது. கொடுத்த பின் 8 விநாடி யாரும் பேசக் கூடாது." ஒரு பொருளைக் காட்டுவோம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தோம். அவர் கரையைப் புரட்டி, சேருமிடத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே போனார். பிறகு, "இதில் கோர்வையே இல்லையே, தம்பி" என்றார். உணர்ச்சியை எழுத முடியாது. அதைத் தூண்டும் பொருளையும், அதற்காகக் காத்திருக்கும் கேமராவையும் எழுதலாம். ஆனால் தொழில் சார்ந்த வியப்புக்கு மட்டுமே இந்த உத்தி. குடும்பத் துயரத்தை இப்படித் திடீரென்று எடுத்து நீட்டக் கூடாது.

பேச்சின் மேல் போடும் இடைக்காட்சிகளிலும் பத்தி முறையே கைகொடுத்தது. முதல் முறை பட்டியல் போட்டுத் தறியை முன்பே எடுத்துவிட்டோம். பேச்சிலோ, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கான ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடாவைத் தள்ளும் உதவியாளரைப் பற்றி அவர் நெடுநேரம் சொன்னார். அந்தக் கைகளின் காட்சி எங்களிடம் இல்லை. அடுத்த முறை காட்சிப் பத்தியில் பாதியை வெற்றாக விட்டு, பேச்சின்போதே நேரத்துடன் குறித்துக்கொண்டு, அன்று மாலையே ஒவ்வொன்றையும் 10 விநாடி அசையாமல் எடுத்தோம். அவர் சேலையைத் தடவிய அந்த விநாடிகளின் மேல் மட்டும் எந்த இடைக்காட்சியையும் போடவில்லை.

வீடியோவைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் அத்தியாயக் குறிகளுக்கு ஸ்கிரிப்டில் நேரம் எழுதுவது வீண். வெட்டித் தொகுத்ததும் எல்லாம் நகர்ந்துவிடும். தலைப்பை மட்டும் எழுதிவைத்து, அந்த இடத்துக் கேள்வியை "அப்படியானால்" என்று தொடங்காமல் தனித்து நிற்கும்படி அமைத்தால், நடுவில் வந்து சேர்பவருக்கும் புரியும். யூடியூபில் முதல் குறி 00:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று குறிகள், ஒவ்வொரு அத்தியாயமும் 10 விநாடிக்குக் குறையாமல்.

```
00:00 எது கோர்வை?
06:40 எதிர்ப்பக்கத்துக் கைகள்
21:15 இரண்டு சேலைகள்
```

முழு வசனம் வென்ற இடம் ஒன்று உண்டு: தொகுப்பாளரின் முதல் நிமிடமும் கோர்வை பற்றிய விளக்கமும். குறிப்பை நம்பிப் பேசியபோது நெடுக்கே ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் மாற்றிச் சொல்லிவிட்டார். அந்த இரண்டை மட்டும் இப்போதும் வரிக்கு வரி எழுதுகிறேன்.