மாதக் கணக்கா, ஒரே நேரக் கணக்கா: புதுக் குடியிருப்புக்கு எத்தனை பேஸ் ஸ்டேஷன்?

ஒரே குடியிருப்பு, ஒரே செல்போன் சந்தாதாரர்கள். ஒரு திட்டமிடுநர் 7 பேஸ் ஸ்டேஷன் என்கிறார், இன்னொருவர் 15 என்கிறார். இருவரும் கூட்டல் பெருக்கலில் பிசகவில்லை. உச்ச நேரச் சுமையை இருவரும் வேறு வேறு முனையிலிருந்து பிடித்ததுதான் காரணம். முதலாமவர் ஒருவர் மாதத்தில் எத்தனை ஜிபி செலவழிக்கிறார் என்பதில் தொடங்குகிறார். இரண்டாமவர் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இணைப்பில் இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேகம் தர வேண்டும் என்பதில் தொடங்குகிறார். எதை எதற்கு நம்பலாம் என்பதை ஒரு கற்பனைக் குடியிருப்பை வைத்துப் பார்ப்போம்.

பரப்பு 1.2 சதுர கிலோமீட்டர், வீடுகள் 2,400. மூன்றாம் ஆண்டு முடிவில் 85 சதவீத வீடுகளில் ஆட்கள் குடியேறியிருப்பார்கள், வீட்டுக்குச் சராசரி 3.2 பேர், பத்துப் பேருக்கு ஒன்பது சிம், அதில் நம் நிறுவனத்தின் பங்கு 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் ஏறக்குறைய 2,050 சந்தாதாரர்கள். இரண்டு முறைக்கும் இதுவரை பாதை ஒன்றே.

இந்தச் சங்கிலியில் முதலில் அறுவது குடியேற்ற விகிதம். விற்ற வீடுகளின் எண்ணிக்கையைக் குடியேறியவர்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. முதலீட்டுக்கு வாங்கிய வீடு பூட்டியே கிடக்கும். மீட்டர் ஓடும் மின் இணைப்புகளை எண்ணினால் உண்மை நிலவரம் தெரியும். நேர் எதிரான பிழையும் உண்டு: ஆட்கள் வருமுன்னே கட்டுமானத் தொழிலாளர்கள் அங்கே தங்கியிருப்பார்கள். இரவில் வீடியோ பார்க்கும் அவர்களின் சுமை எந்த வீட்டுப் பட்டியலிலும் வராது.

இனி மாதக் கணக்கு. ஏற்கெனவே சேவை நடக்கும், இதே தன்மையுள்ள பக்கத்துக் குடியிருப்பில் ஒருவர் மாதம் 24 ஜிபி பயன்படுத்துகிறார் என்போம். ஆண்டுக்கு 20 சதவீத வளர்ச்சி வைத்தால் மூன்றாம் ஆண்டில் அது 41.5 ஜிபி. நாளுக்கு 1.38 ஜிபி. அதில் 8 சதவீதம் உச்ச நேரமான அந்த ஒரு மணியில் ஓடுகிறது என்றால் ஏறக்குறைய 110 எம்பி.

```
110 × 8 ÷ 3600 = 0.244
0.244 × 2050 = 500
500 × 0.9 = 450
```

முதல் வரி ஒரு சந்தாதாரரின் சராசரிச் சுமை, எம்பிபிஎஸ் அளவில். இரண்டாவது மொத்தச் சுமை. மூன்றாவது அதில் பதிவிறக்கப் பங்கு. இங்கே பலரும் கோட்டை விடுவது அந்த 8 சதவீதத்தில். முழு நெட்வொர்க்கின் உச்ச நேரப் பங்கை எடுத்தால் அலுவலகப் பகுதிகளின் பகல் சுமையும் அதில் கலந்து, எண் தாழ்ந்து வரும். குடியிருப்பின் உச்சம் இரவு உணவை ஒட்டி வருவது, கூர்மையானது. பக்கத்துக் குடியிருப்பின் செல்களிலிருந்து மட்டுமே இந்தப் பங்கை எடுக்க வேண்டும்.

ஒரே நேரக் கணக்கில் இவ்வளவு படிகள் இல்லை. 2,050 பேரில் 10 சதவீதம் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார்கள், ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் என்றால் 1,025 எம்பிபிஎஸ். ஒரே வரியில் முடிந்துவிடும், கேட்பவருக்கும் எளிதில் புரியும். ஆனால் அந்த 10, அந்த 5 இரண்டும் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் ஊகம். இந்த எண்ணை அப்படியே திருப்பி நடத்திப் பாருங்கள்: சந்தாதாரருக்கு 0.5 எம்பிபிஎஸ் என்றால் உச்ச நேரத்தில் 225 எம்பி, 8 சதவீதத்தால் வகுத்தால் நாளுக்கு 2.8 ஜிபி, மாதத்துக்கு 84 ஜிபி. நாம் எதிர்பார்ப்பதைப் போல இரண்டு மடங்கு. செயலில் இருப்பவர் நொடிதோறும் 5 எம்பிபிஎஸ் இழுப்பதில்லை. வீடியோ துண்டு துண்டாக இறங்கும், இடையில் இணைப்பு சும்மா இருக்கும். 8 சதவீதம் பேர், சராசரி 2.75 எம்பிபிஎஸ் என்று வைத்தால் இரண்டு கணக்கும் 450-இல் சந்திக்கும்.

ஆகவே பேஸ் ஸ்டேஷன் எண்ணிக்கையை முடிவு செய்ய மாதக் கணக்குதான் தகுந்தது. ஒரே நேரக் கணக்கை ஒதுக்கிவிடவும் முடியாது. சராசரி ஆளை வைத்துப் போடும் மாதக் கணக்கு, சராசரிக்கு அடங்காத வீட்டைக் காட்டாது. செல்போன் நெட்வொர்க் வழியாகவே வீட்டு வைஃபை எடுப்பவர் அப்படிப்பட்டவர். அவர் வீடு மாதம் 300 ஜிபி இழுத்தால் அதே 8 சதவீதக் கணக்கில் 1.8 எம்பிபிஎஸ். நூறு வீடு சேர்ந்தால் 180 எம்பிபிஎஸ் கூடுதல், அதாவது மொத்தச் சுமையான 500-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இவர்களைச் சந்தாதாரர் எண்ணிக்கைக்குள் கரைக்காமல் தனி வரியில் எழுத வேண்டும். கீழுள்ள கணக்கில் அவர்கள் இல்லை என்று கொள்வோம்.

450 எம்பிபிஎஸ்ஸுக்கு எத்தனை பேஸ் ஸ்டேஷன்? 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் ஒன்று, 10 மெகாஹெர்ட்ஸ் ஒன்று என இரண்டு கேரியர், அதாவது அலைவரிசைத் துண்டுகள். ஒரு நிலையம் மூன்று திசைகளாகப் பிரிந்து சேவை தரும், ஒவ்வொரு திசையும் ஒரு செக்டர். ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 1.7 பிட் என்று எடுத்தால் செக்டருக்கு 51 எம்பிபிஎஸ். முழுதும் நிரப்பினால் பயனர் வேகம் சரிந்துவிடும் என்பதால் 70 சதவீதத்தில் நிறுத்தி 36. மூன்று செக்டருக்கு 107. நேராக வகுத்தால் 4.2, மேல்நோக்கி முழுமையாக்கினால் 5. ஆனால் சுமை செக்டர்களில் சமமாக விழாது. அடுக்குமாடிகளைப் பார்த்து நிற்கும் செக்டர் திணறும்போது பூங்காவைப் பார்க்கும் செக்டர் தூங்கும். சராசரியைவிட ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 675, அதற்கு 7 பேஸ் ஸ்டேஷன். (1,025-ஐ இதே வழியில் நடத்தினால்தான் அந்த 15 வருகிறது.)

பரப்பு கேட்பது இதைவிடக் குறைவு. 1800 மெகாஹெர்ட்ஸில் வீட்டுக்குள்ளும் சிக்னல் எட்டும் தூரமான R 500 மீட்டர் என்றால், மூன்று செக்டர் நிலையம் மூடும் பரப்பு `1.95 × R × R`, அதாவது 0.49 சதுர கிலோமீட்டர். மூன்று நிலையம் போதும். எது பெரிதோ அதைத்தான் கட்ட வேண்டும் என்பதால் 4ஜி மட்டும் என்றால் 7.

மாற்று வழி, அதே மூன்று இடத்தில் 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜியைச் சேர்ப்பது. கொள்ளளவில் 5ஜிக்குத் தட்டுப்பாடே வராது. சிக்கல் வேறு: 75 சதவீதம் பேரிடம் 5ஜி போன் இருந்தாலும் சுவர் தாண்டி உள்ளறை வரை சிக்னல் எட்டுவது 73 சதவீத இடங்களில்தான் என்றால், 5ஜி சுமக்கப்போவது 55 சதவீதம். மீதி 4ஜியின் தலையில் விழும்: ஒன்றரை மடங்கோடு ஏறக்குறைய 304, மூன்று நிலையத்தில் மயிரிழையில் அடங்கும். 5ஜி போன் 50 சதவீதம்தான் என்றாலோ மூன்று போதாது, தேவை நான்கைத் தொட்டுவிடும். மூன்று நிலையத் திட்டத்தின் உயிர்நாடி டேட்டா வளர்ச்சியைவிட இந்தப் போன் விகிதமே. நான்காவது இடத்துக்கு உரிமம், மின்சாரம், ஃபைபர் மூன்றையும் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. கட்டடம் எழுந்தபின் மொட்டைமாடி கிடைப்பது குதிரைக்கொம்பு.

முதல் ஆண்டில் இவ்வளவும் வேண்டாம். 40 சதவீதக் குடியேற்றத்தில் 970 சந்தாதாரர், பதிவிறக்கம் ஏறக்குறைய 150 எம்பிபிஎஸ். 4ஜி மட்டுமே உள்ள மூன்று நிலையம் தாங்கும். 5ஜியை எப்போது ஏற்றுவது என்பதை பிஆர்பி பயன்பாடு, அதாவது செல்லின் ரேடியோ வளத்தில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்ற அளவு சொல்லும், ஆனால் அதை 15 நிமிட அளவில் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரச் சராசரி 65 என்று சாதுவாக நிற்கும்போதே அதற்குள் ஒரு கால் மணி 90-ஐத் தாண்டியிருக்கலாம். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒரே செக்டர் இப்படிக் காட்டினால் முதலில் ஆன்டெனா திசையையும் சாய்வையும் திருத்திப் பார்க்கலாம். மூன்று செக்டரும் சேர்ந்தே காட்டினால்தான் கேரியரோ நிலையமோ கூட்ட வேண்டும்.