குள நீர்மட்ட எச்சரிக்கை: முதற்பதிப்பில் உணரியா, மனிதக் கண்ணா?

சிறுகுளம் ஒன்று வான் பாய்வதற்கு முன்பே, அதன் கீழ் வயல் செய்யும் கமக்காரர்களின் கைப்பேசிக்கு எச்சரிக்கை போய்ச்சேர வேண்டும். வன்னியில் படிக்கும் மாணவர் ஒருவர் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக இதை முன்வைக்கிறார் என்று கொள்வோம். முன்மொழிவில் உணரி, சூரியப்படல், செயலி, வரைபடம், மழை எதிர்வுகூறல், மும்மொழி வசதி என எல்லாமே இருக்கும். முதற்பதிப்பில் மிஞ்ச வேண்டியவையோ ஒரு குளம், ஓர் எண், ஒரு குறுஞ்செய்தி மட்டுமே. அந்த எண்ணை உணரி தருவதா, குளக்கட்டில் நின்று அளவுகோலைப் பார்க்கும் மனிதர் தருவதா என்பதில்தான் வழிகள் இரண்டாகப் பிரிகின்றன.

உணரி வழியில் பெரும்பாலும் HC-SR04 என்ற மீயொலி உணரியும் ESP32 கட்டுப்பாட்டுப் பலகையும் குறுஞ்செய்தி அனுப்பும் SIM800L மொடியூலும் சேர்கின்றன. மேசையில் இவை ஒரே நாளில் வேலை செய்துவிடும். சிக்கல்கள் அதற்குப் பிறகே தொடங்கும். SIM800L செய்தி அனுப்பும் கணத்தில் 2 அம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கக்கூடியது என்பதால், அதற்குத் தனி மின்வழங்கல் தராவிட்டால், அளவெல்லாம் சரியாக வந்துகொண்டிருக்க, அனுப்பும்போது மட்டும் மொடியூல் அணைந்து மீண்டும் எழும். ஒலி நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டே உணரி தூரத்தைக் கணிப்பதால், வெயிலும் தன் பங்குக்குக் கணக்கைக் குழப்பும். ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர். 35 பாகையில் அது 352 மீற்றரைத் தாண்டுகிறது. நிரலில் 343 என்று நிலையாக எழுதிவிட்டால், உணரியிலிருந்து 3 மீற்றர் கீழே உள்ள நீர் 2.92 மீற்றரில் இருப்பதாகப் பதிவாகும். அதாவது குளம் 8 சென்ரிமீற்றர் கூடுதலாக நிரம்பியதாகத் தோன்றும். நண்பகலில் ஏறி இரவில் இறங்கும் அலை நாள்தோறும் வரைபில் திரும்பத் திரும்ப வந்தால், மாறுவது வெப்பநிலையே, நீர்மட்டம் அன்று என்று அறியலாம். வெப்பநிலை உணரி ஒன்றைச் சேர்த்து இதைத் திருத்திவிடலாம். ஆனால் அதுவும் பட்டியலில் ஒரு புதிய பணிதான்.

மனிதர் வழியில், கமக்காரர் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்துக் குறுஞ்செய்தி அனுப்புகிறார். மாணவரிடமுள்ள பழைய அண்ட்ரொய்ட் கைப்பேசி அதைப் பெற்று, எண்ணைப் பிரித்து, எல்லையைத் தாண்டினால் மற்றவர்களுக்கு அனுப்புகிறது. இது பொறியியலே அல்ல என்று மேற்பார்வையாளர் முகம் சுளிக்கலாம். ஆயினும் உணரியால் ஒருபோதும் வெளிவராத சிக்கல்கள் இங்கே முதல் வாரத்திலேயே வெளிவரும். குளத்தின் ஆழத்தை நம்மவர் அடியிலும் அங்குலத்திலும் பேசுகிறார்கள். 8 அடியில் வான் பாயும் குளத்துக்கு `7.11` என்று செய்தி வந்தால், அனுப்பியவர் கருதியது 7 அடி 11 அங்குலம், அதாவது வான் பாய ஓர் அங்குலமே மீதி. நிரலோ அதைத் தசமமாக எடுத்து, இன்னும் பத்து அங்குலத்துக்கு மேல் இடமிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். ஆகவே குளத்தின் குறியீடு, அடி, அங்குலம் என்ற வரிசையில் `K1 7-11` என்ற வடிவத்தை மட்டும் ஏற்று, மற்றவற்றுக்கு "மீண்டும் அனுப்பவும்" என்று பதில் தர வேண்டும்.

இரண்டு வழிக்கும் பொதுவான ஒரு சிக்கல் மௌனம். செய்தி வராவிட்டால் ஆபத்தில்லை என்று பொருளா, அமைப்பு செயலிழந்துவிட்டது என்று பொருளா என்பது பெறுபவருக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு காலையும் மட்டத்தையும் அளந்த நேரத்தையும் சொல்லும் செய்தி ஒன்று போக வேண்டும்; அளவு வராத நாளில் "இன்று அளவு வரவில்லை" என்றே அது சொல்ல வேண்டும். தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறிகளே அடங்கும், உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால், வாசகத்தைச் சுருக்கி எழுதுவதும் ஒரு பணியே.

என் தீர்ப்பு துறையைப் பொறுத்தது. கணினித்துறை மாணவர் மனிதர் வழியில் தொடங்கி, எண் வந்துசேரும் இடத்தை மாற்றாமல் பின்னர் உணரியைச் செருகுவதே நன்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிப்பவர் உணரியை விட்டுவிட முடியாது. அவர் கைவிட வேண்டியது செயலியை.

பணிகளைப் பிரிக்கும்போது நாட்காட்டியை ஆள்வது மழை. மாரி மழை ஒக்டோபரில் தொடங்கும். அதற்கு முந்தைய மாதங்களில் குளம் வற்றுவதைத்தான் அளக்கலாம், வான் பாயும் நிலையைச் சோதிக்க முடியாது. ஆகவே முதற்பணி நிரல் அன்று, கடிதம்: சிறுகுளமாயின் கமநல சேவை நிலையத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும், பெருங்குளமாயின் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும். பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் செய்தியைப் பிரிக்கும் நிரல், எல்லைச் சோதனை, காலைச் செய்தி ஆகியவற்றைத் தனித்தனியே முடிக்கலாம். "பின்தளம் செய்தல்" என்று எழுதினால் அது முடிந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. "`K1 7-11` அனுப்பியபின் பத்து நிமிடத்துக்குள் மூன்று கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை போக வேண்டும்" என்று எழுதினால் மேற்பார்வையாளரே அனுப்பிப் பார்த்துச் சரி பிழை சொல்லலாம். உணரி வேலைக்கும் அதே முறை: அளவுகோலுக்கும் உணரிக்கும் இடையிலான வேறுபாடு, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் ஓர் அங்குலத்துக்குள் நிற்கும்வரை அந்தப் பணி முடியவில்லை.