590 ரூபாய்க்காக 50,000 ரூபாய் போச்சு: பிரிட்ஜ் தவணை கட்டியவர்கள் கடன் அறிக்கையைப் பாருங்கள்

நேற்று மாலை கொண்டலாம்பட்டியில் நிலத்துக்காரர் வீட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். கொடுத்த அட்வான்ஸ் 50,000 ரூபாய் இனி வராது. ஒப்பந்தக் கெடுவுக்குள் பாக்கிப் பணம் தரவில்லை, அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. பாக்கிப் பணம் வங்கிக் கடனாக வரவேண்டியது. வங்கியில், "உங்க சிபில்ல நாலு மாசம் தவணை பாக்கி காட்டுது சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் பதினாறு வருஷமாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். யாருக்கும் ஒரு நாள் தவணை தவறியதில்லை.

2024 மே மாதம் சேலத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் பிரிட்ஜ் வாங்கினேன். "வட்டியே கிடையாதுண்ணா, பத்து மாசத் தவணை. பான் கார்டு கொடுங்க, வர்ற ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்றான் விற்பனைப் பையன். நல்லபடியாகப் பேசினான், குழந்தைக்கு சாக்லேட் கொடுத்தான். மூன்று ஓடிபி வந்தது, மூன்றையும் சொன்னேன். பான் நகலும் அங்கேயே தங்கிவிட்டது.

மாதம் 4,200, ஐந்தாம் தேதி. எட்டுத் தவணை கணக்கிலிருந்து போனது. கடைசி இரண்டையும் 2025 பிப்ரவரி 1 அன்று நிதி நிறுவனக் கிளையிலேயே ரொக்கமாகக் கட்டினேன். "கணக்கு முடிஞ்சது சார், பாக்கி இல்லைன்னு என்ஓசி வீட்டுக்கு வந்துரும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். ரசீது வாங்கினேன். அதற்குமேல் நம்பாமல் என்ன செய்வேன்? ஆனால் 5ஆம் தேதி மறுபடியும் தவணைக்கு வங்கிக் கணக்கைத் தட்டினார்கள். நான் பணம் வைக்கவில்லை, திரும்பியது. அன்றே போன் செய்தேன். "சிஸ்டம்ல அப்டேட் ஆக ரெண்டு நாள் ஆகும், கண்டுக்காதீங்க" என்றார்கள்.

கடன் மறுத்த பிறகுதான் அறிக்கையை வரிக்கு வரி படித்தேன். அந்தக் கணக்கில் Date Closed காலியாக இருந்தது, நிலுவை 590 ரூபாய். செக் திரும்பினால் போடுவது போல 500 அபராதம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கீழே Days Past Due கட்டங்களில் பிப்ரவரி 23, மார்ச் 54, ஏப்ரல் 84, மே 115. இந்த எண்கள் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எத்தனை நாள் பாக்கி என்று சொல்பவை. நாலு தவணை தவறியிருந்தால் நிலுவைத் தொகையும் தவணை தவணையாக ஏறியிருக்கும். இங்கே தொகை 590லேயே நிற்க, நாள் மட்டும் மாதத்துக்கு முப்பது ஏறுகிறது. 5ஆம் தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள், பிப்ரவரி 28க்கு சரியாக 23. ஒரே ஒரு பொய்ப் பாக்கி, நாலு மாதத் தவறாக நிற்கிறது!

அறிக்கையில் யார் யார் கடனுக்காக என் விவரம் கேட்டார்கள் என்று காட்டும் விசாரணைப் பகுதியைப் பார்த்தால், பிரிட்ஜ் வாங்கிய அன்று மூன்று நிறுவனங்கள் என் பெயரில் விசாரித்திருக்கின்றன. ஒவ்வொரு ஓடிபிக்கும் ஒன்று. 2025 மே மாதத்தில் இன்னொன்று, பொருள் கடன் கேட்டதாக. அன்றைக்கு நாங்கள் குடும்பத்தோடு ஏற்காட்டில் மலர்க் கண்காட்சியில் இருந்தோம். என் பான் நகல் வேறு யார் கையில் இருக்கிறது?

கடையில் கேட்டால் "பைனான்ஸ் கம்பெனியைக் கேளுங்க". அங்கே போனால் "சிபில்காரங்களைக் கேளுங்க". அவர்களோ, கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் எதையும் மாற்ற முடியாது என்கிறார்கள். இது உண்மைதான், பதிவை அனுப்பியது நிறுவனம். ஆனால் கிளை மேலாளர் கடைசியில் சொன்னதுதான் வயிற்றெரிச்சல்: "590 கட்டிடுங்க சார், சரியாயிடும்." 50,000 போய் நிற்கிறவனிடம்!

அப்படிக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் கணக்கு மூடப்படும், 23, 54, 84, 115 அப்படியே நிற்கும், நீங்களே பாக்கியை ஒப்புக்கொண்டது போலவும் ஆகும். தள்ளுபடி என்று சொல்லி, பாக்கியை முழுதும் கட்டாமல் முடித்ததாக 'செட்டில்டு' என்று போட்டால் அது அதைவிட மோசம். "எங்கள் தவறு, திருத்தி அனுப்பினோம்" என்று எழுத்தில் வாங்குங்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தரவேண்டும், நான்கையும் பாருங்கள். நீங்களே பார்த்தால் ஸ்கோர் குறையாது. தவறு இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் தகவல் நிறுவனத்துக்கும் ரசீதோடு புகார் கொடுத்து, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் 26 முதல் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கடன் முடித்தால் என்ஓசி கையில் வரும்வரை, தானாகத் தவணை எடுக்கும் அனுமதியை வங்கியில் ரத்து செய்யும்வரை கிளையை விடாதீர்கள். கடையில் இரண்டாவது ஓடிபி கேட்டால், எந்த நிறுவனத்துக்கு என்று கேட்காமல் சொல்லாதீர்கள்.

என் புகாருக்கு இன்று 19ஆம் நாள்.