வண்ணப் பென்சிலால் சர்க்யூட் வரைபடம் படிப்பது: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

சின்ன சர்க்யூட் எதுவானாலும் வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து, கம்பிகளின் மேல் வண்ணப் பென்சில் ஓட்டித்தான் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். புதிதாகப் பழக வருகிறவர்களுக்கும் இதையே சொல்லித் தருகிறேன். உறுப்பு உறுப்பாகப் பார்க்காமல் இணைப்பு இணைப்பாகப் படிக்கும் இந்த முறை எங்கே கைகொடுக்கிறது, எங்கே போதாமல் போகிறது என்பதை ஒரே ஒரு சர்க்யூட்டை வைத்துச் சொல்கிறேன்.

எடுத்துக்கொள்வது 555 ஐசியில் எல்இடி சிமிட்டும் சர்க்யூட். 9 வோல்ட் பேட்டரி, R1 1k, R2 68k, R3 470 ஓம், C1 10 மைக்ரோஃபாரட், C2 10 நானோஃபாரட், ஒரு எல்இடி. சரியாக இணைத்தால் எல்இடி ஏறத்தாழ நொடிக்கு ஒரு தடவை சிமிட்டும்.

குறியீடுகளைப் பழக அதிக நேரம் ஆகாது. ரெசிஸ்டர் சில படங்களில் ரம்பப் பல் போல வளைந்திருக்கும், சிலவற்றில் வெறும் செவ்வகமாக இருக்கும், இரண்டும் ஒன்றுதான். கெப்பாசிட்டருக்கு இரண்டு இணைகோடுகள். ஒரு கோடு வளைந்திருந்தாலோ, பக்கத்தில் + குறி இருந்தாலோ அது திசை பார்த்து வைக்க வேண்டிய கெப்பாசிட்டர். இங்கே C1 அப்படிப்பட்டது. அதன் உடலில் பட்டை போட்டிருக்கும் பக்கம் மைனஸ். எல்இடி என்றால் முக்கோணமும் அதன் முனையில் ஒரு குறுக்குக் கோடும், வெளியே பாயும் இரண்டு அம்புகளும். அந்தக் குறுக்குக் கோட்டுப் பக்கம்தான் கேத்தோடு. புது எல்இடியில் அது குட்டைக் கால்.

ஐசிதான் நிறையப் பேரைக் குழப்புகிறது. பல படங்களில் 8, 4 மேலே, 1 கீழே, 7, 6, 2 இடப்பக்கம், 3 வலப்பக்கம் என்று பின்கள் கலைந்து கிடக்கும். வரைகிறவர் கோடுகள் சிக்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார். கையில் இருக்கும் ஐசியை மேலிருந்து பார்த்தால், பள்ளத்தின் இடப்பக்கம் 1 தொடங்கி, கீழே இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறி 8 வரும். பெட்டியில் பின் எங்கே வரையப்பட்டிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எண்ணை மட்டும் பாருங்கள்.

இப்போது பென்சிலை எடுக்கலாம். பேட்டரியின் பிளஸ்ஸில் ஆரம்பித்து, கோடு போகும் வழியெல்லாம் சிவப்பு ஓட்டுங்கள். ஒரு உறுப்பு வந்ததும் நின்றுவிடுங்கள். அதற்கு மறுபக்கம் வேறு நிறம். ஒரே நிறத்தில் இருப்பதெல்லாம் மின்சாரத்துக்கு ஒரே இடம்தான். கோடு நீளமா, குட்டையா, எத்தனை தடவை மடங்குகிறது என்பதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது. முழுப் படத்தையும் வண்ணம் தீட்டி முடித்ததும், ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பெயர் வைத்து ஒரு வரியாக எழுதிக்கொள்கிறேன். B1 பேட்டரி, U1 ஐசி, D1 எல்இடி. U1.8 என்றால் ஐசியின் 8-ஆம் பின், R1.1 என்றால் R1-இன் ஒரு கால், D1.K எல்இடியின் கேத்தோடு, D1.A அதன் மறுகால்:

```
VCC : B1+  U1.8  U1.4  R1.1
N1  : R1.2  U1.7  R2.1
N2  : R2.2  U1.6  U1.2  C1+
OUT : U1.3  R3.1
N3  : R3.2  D1.A
CV  : U1.5  C2.1
GND : B1-  U1.1  C1-  C2.2  D1.K
```

அடுத்து கால்களை எண்ண வேண்டும். ஐசிக்கு எட்டு, மற்ற ஏழு உறுப்புகளுக்கும் இரண்டிரண்டு, மொத்தம் 22. மேலே உள்ள வரிகளிலும் 22 இருக்கிறது. ஒன்று குறைந்தால் ஏதோ ஒரு கோட்டைத் தவறவிட்டிருக்கிறோம். ஒரு வரியில் ஒரே ஒரு கால் தனியாக நின்றால், வேண்டுமென்றே இணைக்காமல் விட்ட பின்னா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அந்த இடத்தை மறுபடி படிக்க வேண்டும்.

இந்த வேலையில் கண் அதிகம் ஏமாறும் இடம் கம்பிகள் குறுக்கிடும் இடம். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் கரும்புள்ளி இருந்தால் இணைப்பு உண்டு. புள்ளி இல்லையென்றால் ஒன்று மற்றொன்றைத் தாண்டிப் போகிறது, அவ்வளவுதான். சில பழைய படங்களில் தாண்டிப் போகும் கம்பிக்கு அரைவட்ட வளைவு போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட படத்தில் வளைவே இல்லாத குறுக்கு வந்தால் அது இணைப்பாகவும் இருக்கலாம் என்பதால், படம் முழுக்க எந்த வழக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு கோடு இன்னொன்றின் மேல் வந்து T வடிவில் முடிந்தால், புள்ளி இல்லாவிட்டாலும் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். நல்ல வரைவாளர்கள் நான்கு கம்பிகளை ஒரே புள்ளியில் சேர்க்காமல், இரண்டு T-க்களாகத் தள்ளி வரைவார்கள். பிரிண்டில் புள்ளி மங்கிப் போனாலும் பொருள் மாறாது என்பதுதான் காரணம்.

புள்ளியைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை, பழக வந்த ஒரு தம்பியின் பிரெட்போர்டில் பார்த்தேன். அவர் வைத்திருந்த படத்தில் 2-ஆம் பின்னிலிருந்து 6-க்குப் போகும் கம்பி, வழியில் 3-ஆம் பின்னின் அவுட்புட் கம்பியைப் புள்ளியில்லாமல் வெட்டிப் போனது. அவர் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார். எல்இடி சிமிட்டவில்லை, எரிந்தபடியே நின்றது. அவுட்புட்டே C1-ஐ நேரடியாக நிரப்பிக் காலி செய்ததால், 68k ரெசிஸ்டருக்கு வேலையே இல்லாமல் போய், சிமிட்டல் கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்கு ஏறிவிட்டது. பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்தோம். 2-க்கும் 6-க்கும் இடையே ஒலித்தது, சரி. 2-க்கும் 3-க்கும் இடையேயும் ஒலித்தது; அது ஒலிக்கவே கூடாது. அந்த ஒரு ஜம்பரை எடுத்ததும் சிமிட்ட ஆரம்பித்தது.

இதே அறிகுறி கிரவுண்ட் விடுபட்டாலும் வரும். படத்தில் பேட்டரி மைனஸ், 1-ஆம் பின், C1, C2, எல்இடி என ஐந்து இடங்களில் கிரவுண்ட் குறி தனித்தனியாக நிற்கும், நடுவில் கோடே இருக்காது. கோடு இல்லாததால் இணைப்பும் இல்லை என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே வடிவக் குறி அத்தனையும் ஒரே கம்பிதான். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் அடியுங்கள். C1-இன் மைனஸ் கால் மட்டும் அந்தரத்தில் நின்றால், கெப்பாசிட்டரே இல்லாத நிலை. எல்இடி பெரும்பாலும் தொடர்ந்து எரிவது போலவே தெரியும். மீட்டரின் ஒரு முனையை 1-ஆம் பின்னில் வைத்து, GND வரியில் உள்ள மற்ற கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டால் எது விடுபட்டது என்று தெரிந்துவிடும்.

குறியின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். கீழே போகப் போகக் குறுகும் மூன்று கோடுகள் மண்ணில் இறங்கும் எர்த்துக்கானவை. ஆனால் பேட்டரி சர்க்யூட்டுகளில் அதையே பொதுப்புள்ளிக்கும் போட்டுவிடுகிறார்கள். அங்கே அது பேட்டரி மைனஸ் மட்டும்தான், மண்ணோடு சம்பந்தமில்லை. கீழ்நோக்கிய முக்கோணம் சிக்னல் கிரவுண்ட். படுக்கைக் கோட்டிலிருந்து சாய்கோடுகள் இறங்கினால் அது பெட்டியின் உலோக உடல். ஒரே படத்தில் இரண்டு வடிவம் வந்தால் இரண்டு நிறம் அடியுங்கள். அவை எங்கே சேர்கின்றன என்று படமே காட்டும் வரை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். மின்சார லைனில் ஓடும் பவர் சப்ளைகளில் இப்படிச் சேர்ப்பது ஆபத்தாகவே முடியலாம்.

இனி, போதாமைகள். ஏழெட்டு நிறம் வரைதான் இந்த முறை சுகம். பக்கம் பக்கமாக விரியும் படங்களில், கம்பிகளுக்குப் பதிலாகப் பெயர்கள்தான் இணைப்பைச் சொல்லும். அங்கே பென்சிலை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் தேடுவதே வேகம். அப்புறம், டிரான்சிஸ்டர் குறி எது பேஸ், எது கலெக்டர், எது எமிட்டர் என்று சொல்லும். எந்தக் கால் எது என்று சொல்லாது. தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் BC547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2N3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். குறி இரண்டுக்கும் ஒன்றே என்பதால், டிரான்சிஸ்டர் வரும் சர்க்யூட்டில் டேட்டாஷீட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் அந்த வரியை எழுதுகிறேன்.