விக்டோரியாவா, 21.2-ஆ: 15 ஆண்டு லினக்ஸ் பயன்பாட்டில் வெளியீட்டுப் பெயர்களும் எண்களும்

பெங்களூருக்கு வேலைக்கு வந்த 2010-ஆம் ஆண்டில் என் முதல் மடிக்கணினியில் உபுண்டு 10.04-ஐ நிறுவினேன். அன்றிலிருந்து லினக்ஸை விட்டதில்லை. இப்போது வீட்டில் லினக்ஸ் மின்ட், அலுவலக சர்வரில் டெபியன். இந்த மூன்றும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எண்ணோடு ஒரு குறிப்பெயரையும் சூட்டுகின்றன. நெடுநாள் பயன்பாட்டில் எனக்கு உண்டான சிக்கல்களில் கணிசமானவை, எண் இருக்க வேண்டிய இடத்தில் பெயரும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்றும் இருந்ததால் வந்தவை.

குறிப்பெயர் வெறும் அலங்காரமன்று. ஒரு வெளியீட்டின் வேலை தொடங்கும்போது அதன் எண் உறுதியாகியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை உருவாக்குவோர் அன்றிலிருந்தே அதை ஏதேனும் ஒரு பெயரால் அழைத்தாக வேண்டும். உபுண்டுவின் எண் வெளிவரும் ஆண்டையும் மாதத்தையும் குறிப்பது. 2006 ஏப்ரலில் வரவேண்டிய வெளியீடு ஆறு வாரம் தள்ளி ஜூனுக்குப் போனபோது 6.04 என்ற எண் 6.06 ஆயிற்று, டாப்பர் டிரேக் என்ற பெயர் மட்டும் அப்படியே நின்றது. டெபியனின் வரலாற்றிலும் இதற்கு ஒரு காரணம் உண்டு. 1990-களின் நடுவில் ஒரு குறுந்தகடு விற்பனையாளர், முழுமையடையாத பதிப்பை 1.0 என்று அச்சிட்டு விற்றுவிட்டார். குழப்பத்தைத் தவிர்க்க, டெபியன் அந்த எண்ணையே கைவிட்டு 1.1-ஆக வெளியிட வேண்டியதாயிற்று. அதன் குறிப்பெயர் `buzz`. எண் முன்கூட்டியே வெளியே தெரிந்தால், முடிந்த பொருள் என்று பிறர் எடுத்துக்கொள்வார்கள்.

பெயர் உறுதியாக நிற்பதன் பயனை எங்கள் அலுவலகத்தில் நேரிலேயே கண்டேன். சர்வரின் மென்பொருள் களஞ்சியப் பட்டியலில் டெபியன் 11-இன் குறிப்பெயரான `bullseye` என்று எழுதாமல் `stable` என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல் ஒரு குறிப்பிட்ட வெளியீட்டைக் குறிப்பதன்று; அன்றைய தேதியில் நிலையானது எதுவோ அதைக் குறிப்பது. 2023 ஜூன் 10 அன்று டெபியன் 12 வெளிவந்ததும் `stable` தானாகவே `bookworm` ஆகிவிட்டது. குறிப்பெயர் மாறியிருக்கிறது, ஏற்கிறீர்களா என்று `apt` கேட்கத்தான் செய்தது. வழக்கமான கேள்வி என்றெண்ணி, படிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டோம். அதன்பின் ஓடிய `apt upgrade` பாதித் தொகுப்புகளைப் புதியதாகவும் மீதியைப் பழையதாகவும் விட்டுவைத்தது. சரிசெய்ய ஒரு சனிக்கிழமை முழுவதும் பிடித்தது. கணினி படிக்கும் கோப்பில் மாறாத குறிப்பெயர் இருப்பதே சரி என்பதில் அன்று முதல் எனக்கு ஐயமில்லை.

மனிதர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. சிவாஜிநகரில் டிடிபி கடை வைத்திருக்கும் என் அத்தானின் இரண்டு கணினிகளிலும் நான்தான் மின்ட் 21.2-ஐ நிறுவிக் கொடுத்தேன். ஒரு நாள், அவர் வாங்கிய ஒரு மென்பொருள் நிறுவப்படவில்லை என்று தொலைபேசியில் அழைத்தார்.

"மாப்ள, அவங்க கொடுத்த வரியை அப்படியே ஒட்டினேன். விக்டோரியா இல்லைன்னு வருது. நான் விக்டோரியா எதுவும் கேக்கலையே?"

அவர் படித்துக் காட்டிய பிழைச்செய்தியின் சாரம், அந்த நிறுவனத்தின் களஞ்சியத்தில் `victoria` என்ற வெளியீட்டுக்கான Release கோப்பு இல்லை என்பது. நிறுவும் குறிப்பில் `$(lsb_release -cs)` என்ற கட்டளை இருந்தது. ஓடும் கணினியின் குறிப்பெயரை எடுத்து முகவரியில் பொருத்துவது அதன் வேலை. உபுண்டு 22.04-இல் அது `jammy` என்று விடை தரும். குறிப்பை எழுதியவர் அதைத்தான் எதிர்பார்த்தார். மின்ட் 21.2 அதே உபுண்டு 22.04-இன் மேல் கட்டப்பட்டதுதான். ஆயினும் அதற்கென்று தனிப் பெயர் இருப்பதால் விடையும் வேறாக வந்தது. `/etc/os-release` கோப்பைத் திறந்தால் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்துத் தெரியும்:

```
VERSION_ID="21.2"
VERSION_CODENAME=victoria
UBUNTU_CODENAME=jammy
```

மின்ட் 21 வனெஸ்ஸா, 21.1 வேரா, 21.2 விக்டோரியா, 21.3 வர்ஜீனியா. நான்குக்கும் அடித்தளம் ஒன்றே, பெயர்கள் நான்கு. எண்களைப் பார்த்த மாத்திரத்தில் இவை ஒரே குடும்பம் என்பதும் எது பின்னால் வந்தது என்பதும் விளங்கும். பெயர்களின் முதலில் வரும் 'வி' என்ற ஆங்கில எழுத்து குடும்பத்தைக் காட்டினாலும், வேராவுக்கு அடுத்தது எது என்பதை மனப்பாடம் செய்தால்தான் சொல்ல முடியும். ஜாமியோடு உள்ள உறவையோ எந்தப் பெயரும் சொல்லாது.

அத்தானிடம் அந்த வரியில் `victoria` இருக்குமிடத்தில் `jammy` என்று மாற்றச் சொன்னேன். அன்று வேலை முடிந்தது. இரண்டாவது கணினியில் அவரே முயன்றபோது, எங்கோ படித்த பழைய குறிப்பை நம்பி `focal` என்று எழுதிவிட்டார். அது உபுண்டு 20.04-இன் பெயர். இந்த முறை களஞ்சியம் கிடைத்தது, பட்டியலும் இறங்கியது. தவறு பிடிபட்டது நிறுவும் கட்டத்தில்தான். `libssl1.1` தேவை, ஆனால் நிறுவ இயலாது என்று `apt` நின்றுவிட்டது. 22.04-இல் அந்த நூலகத்துக்குப் பதில் `libssl3` வந்துவிட்டதே காரணம். இல்லாத பெயரை எழுதினால் உடனே பிழை வரும். இருக்கிற, ஆனால் பொருந்தாத பெயரை எழுதினால் இப்படித் தாமதமாக, வேறு உருவில் வரும். `libssl1.1` என்ற சொல்லைப் பிழைச்செய்தியில் கண்டால் முதலில் களஞ்சிய வரியின் பெயரைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

தொலைபேசியில் அந்தப் பெயரைச் சொல்லித் திருத்தியதும் எளிதாக இல்லை. "ஃபோகல்னு இருக்கா அத்தான்?" என்றால், "எது போகல?" என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. "இருபது புள்ளி பூஜ்யம் நாலு" என்றபோது மறுகேள்வி வரவில்லை. ஆண்ட்ராய்டுக்கு இனிப்புகளின் பெயர்களை வைத்துவந்த கூகுள், 2019-இல் 10 என்ற எண்ணோடு அந்தப் பொதுப் பெயர்களை நிறுத்தியபோது சொன்ன காரணங்களுள் இதுவும் ஒன்று: சில மொழிகளில் எல், ஆர் ஒலிகளைப் பேச்சில் பிரித்தறிய முடிவதில்லை என்பதால் லாலிபாப் போன்ற பெயர்கள் எல்லோருக்கும் விளங்கவில்லை. எங்கள் அனுபவத்தில் இடறியது வேறு ஒலி. இடறிய விதம் அதேதான்.

எண் ஒரு படி மேலே போய், ஆதரவு எப்போது முடியும் என்பதையும் கணக்கிட விடுகிறது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீட்டுக்கு வழக்கமான ஆதரவு 5 ஆண்டுகள். எனவே 20.04-க்கு 2025, 22.04-க்கு 2027, 24.04-க்கு 2029. ஃபோகல் ஃபாஸா என்ற பெயரை எத்தனை முறை உச்சரித்தாலும் இந்தக் கணக்கு வராது. அகரவரிசையும் முழுத் துணையன்று, 17.04-இல் இசட் வரை வந்து, 17.10-இல் மறுபடி ஏ-யிலிருந்து தொடங்கியது. டெபியனில் அதுவும் கிடையாது. பஸ்டர், புல்ஸ்ஐ, புக்வார்ம் என 10, 11, 12 மூன்றுமே பி எழுத்தில் தொடங்குபவை. எது முந்தியது என்று புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். ஆனால் டெபியனின் எண்ணில் வரிசை மட்டுமே உண்டு, ஆண்டு இல்லை. எண் என்பதாலேயே எல்லா எண்ணும் ஆதரவுக் காலத்தைச் சொல்லிவிடாது.

பயனர் பார்க்கும் பதிவிறக்கப் பக்கம், உதவிக் குறிப்பு, பிழை அறிக்கைப் படிவம் ஆகியவற்றில் எண்ணையே முதலில் எழுத வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. மின்ட் போன்ற வழித்தோன்றல்களில் அடித்தளத்தின் எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். நிறுவும் கட்டளை எழுதுவோர் `UBUNTU_CODENAME` இருந்தால் அதையும், இல்லாவிட்டால் `VERSION_CODENAME`-ஐயும் எடுக்கும்படி எழுதினால் அத்தானைப் போன்றவர்களுக்குத் தொலைபேசியே தேவைப்படாது.

இரண்டு கணினிகளையும் 21.3-க்கு உயர்த்திய பிறகு, அவற்றின் பெட்டியில் ஆளுக்கொரு தாள் ஒட்டியிருக்கிறேன். மேலே பெரிய எழுத்தில் "மின்ட் 21.3, அடித்தளம் உபுண்டு 22.04, 2027 வரை". கீழே சிறிய எழுத்தில் `jammy`. வர்ஜீனியா என்ற பெயரை எழுதவில்லை. அத்தான் இதுவரை அதைக் கேட்கவும் இல்லை.