கவர்ட் கோல் நிதியா, நாமே எழுதுவதா? விழுந்த விலை மீளும் மாதத்தில் தெரியும் வித்தியாசம்

வெள்ளவத்தையில் இருக்கும் என் அத்தான் கட்டாரில் உழைத்த காலத்தில் திறந்த அமெரிக்கப் பங்குத் தரகுக் கணக்கு ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார். 2022 தொடக்கத்தில் அதில், நாஸ்டாக் 100 என்ற அமெரிக்கப் பங்குச் சுட்டெண்ணை வைத்து நடக்கும் QYLD என்ற கவர்ட் கோல் நிதியின் 1,000 அலகுகளை, அலகு ஏறத்தாழ 22 டொலருக்கு வாங்கினார். மாதாமாதம் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. 2023 முடிவில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, நாஸ்டாக் 100 விழுந்த இடத்திலிருந்து திரும்ப ஏறி, நான் வாங்கின நேரத்து அளவுக்கு வந்திட்டுது. என்ர அலகு மட்டும் ஏன் 17 டொலரிலேயே நிக்குது?"

நிதியை வாங்குவதா, அதே வேலையை நாமே செய்வதா என்று யோசிக்கும் எவரும் முதலில் விடை தேட வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான்.

கவர்ட் கோல் என்றால், நம்மிடம் உள்ள 100 பங்குகளைக் குறித்த ஒரு விலைக்கு, குறித்த நாளுக்குள் வாங்கும் உரிமையை இன்னொருவருக்கு விற்பது. இப்படி விற்பதைக் கோல் எழுதுவது என்றும், அந்த விலையை ஸ்ட்ரைக் என்றும் சொல்வார்கள். உரிமைக்குக் கிடைக்கும் பிரிமியம் நமக்கே. பங்கு ஸ்ட்ரைக்குக்கு மேலே போனால் அந்த லாபம் வாங்கியவருக்கு. கீழே விழுந்தால் நட்டம் முழுவதும் நமக்கு. கொழும்புப் பங்குச் சந்தையில் இப்படியான ஒப்பந்தங்கள் பட்டியலிடப்படவில்லை. இங்கிருந்து வெளியே பணம் அனுப்பவும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே இங்கே இது பெரும்பாலும் அத்தானைப் போல வெளிநாட்டில் உழைத்து அங்கேயே விட்ட பணத்துக்கான விசயம்.

QYLD ஒவ்வொரு மாதமும் நாஸ்டாக் 100 சுட்டெண் அன்று நிற்கும் விலையிலேயே, முழுத் தொகைக்கும் கோல் எழுதுகிறது. சந்தை என்ன நினைத்தாலும் அதன் விதி அதுதான். 100 பங்கை வைத்து, அலகு 50 டொலர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிமியங்கள் என் உத்தேசம்தான். ஆனால் நடைமுறைக்கு ஒத்தவை.

முதல் மாதம் நிதி 50 ஸ்ட்ரைக்கில் எழுதி 1.50 டொலர் வாங்குகிறது. பங்கு 44க்கு விழுகிறது. இரண்டாம் மாதம் விதிப்படி 44 ஸ்ட்ரைக்கில் எழுதி, சந்தை பதற்றத்தில் இருப்பதால் 1.75 வாங்குகிறது. பங்கு திரும்ப 50க்கு ஏறுகிறது. அந்த 6 டொலர் ஏற்றம் கோல் வாங்கியவருக்குப் போய்விட்டது. நிதியின் கையில் 44உம் இரண்டு பிரிமியமும்: 47.25. ஒன்றும் செய்யாமல் பங்கை வைத்திருந்தவரிடம் 50 இருக்கிறது. இறக்கத்தை முழுதாகத் தாங்கி, ஏற்றத்தை விற்றுவிட்டது நிதி. 2022இல் நாஸ்டாக் 100 மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. 2023இல் ஐம்பது வீதத்துக்கும் மேல் ஏறியது. அத்தானின் அலகுக்கு நடந்தது இதன் பெரிய வடிவம்தான்.

நாமே எழுதினால்? முதல் மாதம் 52.50 ஸ்ட்ரைக்கில் எழுதி 0.55 வாங்குகிறோம். விழுந்த பிறகு 44இல் எழுத மறுத்து, 50 ஸ்ட்ரைக்கில் வெறும் 0.20க்கு எழுதுகிறோம். பங்கு 50க்கு மீண்டால் கையில் 50.75. கட்டுப்பாடு நம் கையில் இருப்பதன் பெறுமதி இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது: விழுந்த விலையிலேயே கோல் எழுதாமல் இருக்கும் உரிமை.

ஆனால் பங்கு 44இலேயே படுத்துவிட்டால் கதை மாறும். நிதிக்கு அப்போதும் 47.25தான். நமக்கோ 44.75. அந்த மாதம் 100 பங்குக்கு 20 டொலர்தான் வருமானம். வீட்டு வாடகையை அதில் கட்டுகிறவருக்கு அது போதாது. அவர் 45 ஸ்ட்ரைக்குக்கு இறங்குவார், பிரிமியம் நன்றாக இருக்கும், அடுத்த மாதம் பங்கு மீளும், பங்கு பறிபோகும். நிதி விதியால் செய்த பிழையை அவர் தேவையால் செய்கிறார். தாங்களே எழுதுகிறோம் என்று தொடங்கிய சிலரிடம் நான் கண்டது இதைத்தான். வாங்கிய விலைக்குக் கீழான ஸ்ட்ரைக்கில் கை போகிறதென்றால் அதே பிழை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நிதியின் மாதப் பணமும் நிலையானதல்ல. QYLD பெற்ற பிரிமியத்தில் பாதி அல்லது அலகின் நிகரப் பெறுமதியில் 1%, இரண்டில் எது குறைவோ அதைப் பகிர்வது என்ற வரம்பை வைத்திருக்கிறது. அலகு 22இல் இருந்தபோது 1,000 அலகுக்கு அதிகபட்சம் 220 டொலர்; 17 ஆனதும் 170. "வருடத்துக்கு 12%" என்று விளம்பரத்தில் வாசிப்பவர் எதன் மேல் 12% என்று கேட்க வேண்டும்: போட்ட பணத்தின் மேல் அல்ல, மிஞ்சியிருக்கும் பெறுமதியின் மேல்.

இலங்கையில் வசிப்பவருக்கு வரியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நிதி பகிரும் பணத்தில் அமெரிக்கா மூலத்திலேயே 30% பிடிக்கும். இரு நாட்டு வரி உடன்படிக்கையை W-8BEN படிவத்தில் கோரியிருந்தால் 15%. பின்னர் மூலதனத் திருப்பம், அதாவது போட்ட பணமே திரும்பி வருவது, என்று வகைப்படுத்தப்படும் பகுதிக்குப் பிடித்தது அடுத்த ஆண்டு திரும்பி வருவதும் உண்டு. நாமே எழுதிப் பெறும் பிரிமியத்தில் இந்தப் பிடிப்பு இல்லை. இங்கே காட்ட வேண்டிய வருமான வரிக் கணக்கு வேறு.

கட்டணத்தைப் பொறுத்தவரை, QYLD வருடத்துக்கு ஏறத்தாழ 0.60% எடுக்கிறது; 5,000 டொலருக்கு 30 டொலர். JEPI என்ற இன்னொரு கவர்ட் கோல் நிதி 0.35%. நாமே செய்தால் ஓர் ஒப்பந்தத்துக்கு 65 சதம் அளவில் தரகு, வருடத்துக்கு எட்டு டொலருக்குள். மலிவாகத் தெரியும். ஆனால் வாங்குவோர் 0.50 கேட்டு, விற்போர் 0.60 சொல்லும் இடத்தில் அவசரப்பட்டு 0.50க்குக் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் 5 டொலர் போகிறது, வருடத்துக்கு 60. நடுவிலையில் லிமிட் ஓர்டர் போட்டுக் காத்திருக்காதவருக்கு நிதியே மலிவு.

காத்திருப்பதும் இங்கே இரவு வேலைதான். நியூயோர்க் சந்தை நமக்குக் கோடையில் இரவு ஏழு மணிக்கும், குளிர்காலத்தில் எட்டுக்கும் திறக்கிறது. மாத ஒப்பந்தம் முடியும் மூன்றாம் வெள்ளி நமக்குச் சனி அதிகாலை. பங்கு ஸ்ட்ரைக்கைத் தாண்டி, மிச்சமுள்ள காலப் பெறுமதி, அதாவது பிரிமியத்தில் மீதி நாட்களுக்கான பகுதி, வரவிருக்கும் பங்கிலாபத்தைவிடக் குறைந்தால், உரிமையை வாங்கியவர் பங்கிலாபத் தகுதி முடியும் நாளுக்கு முன்பே பங்கை எடுத்துக்கொள்வார். அந்த இரவு தூங்கிவிட்டால் காலையில் பங்கும் இருக்காது, பங்கிலாபமும் இருக்காது.

அத்தானுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அதே நாஸ்டாக் 100ஐ வைத்துத் தானே எழுத, அந்தச் சுட்டெண்ணைப் பின்தொடரும் QQQ என்ற நிதியில் 100 அலகு வேண்டும். 2023 முடிவில் அதற்கு 40,000 டொலருக்கு மேல். அவரிடம் மிஞ்சியதோ 17,000. அந்தப் பணத்துக்கு 50 டொலர் அளவிலான தனிக் கம்பனிப் பங்குகள்தான் கிடைக்கும். ஒரே கம்பனியின் மோசமான காலாண்டு அறிக்கையில் 20% விழுந்தால் 55 சத பிரிமியம் எதையும் காப்பாற்றாது.

கடைசியில் அவர் 600 அலகை நிதியிலேயே விட்டார். மாதம் வரும் நூறு டொலர் அக்காவின் மருந்துச் செலவுக்குத் தேவை. மிச்சம் 400ஐ விற்று, விலை விழுந்தால் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் எழுதாமல் இருக்கச் சம்மதமான ஒரு பங்கில் 100 வாங்கினார். வாங்கிய விலையைக் கலண்டரில் எழுதி, அதற்குக் கீழே எழுதுவதில்லை என்று அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.