ஏத்தங்காய் உப்பேரிக்கு டிரேட்மார்க்: இரண்டு தடவை 4,500 ரூபாய் கட்டிய கதை

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டு அடுக்களையில் 2018-இல் இருந்து ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் சிப்ஸ், போட்டு விற்கிறோம், கூடவே பாக்கெட் போட்ட கருப்பட்டியும் தேனும். பெயர் எங்கள் வீட்டுப் பெயர்தான். முதலில் 'குமரி' என்று தொடங்கும் ஒரு பெயரைத்தான் யோசித்தோம், ஆனால் ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் மட்டும் சேர்த்து வைத்தால் டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவைக் காட்டித் தள்ளிவிடுவார்கள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம்.

2021-இல் அந்தப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிய ஓர் ஏஜெண்டைப் பிடித்தோம். தனிநபர் ஆன்லைனில் TM-A என்ற விண்ணப்பப் படிவம் போட ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், அவர் கூலி தனி. வகுப்பு என்றால் பொருள் வகை, மொத்தம் 45 இருக்கிறது, முதல் 34 பொருள்களுக்கு, மிச்சம் சேவைகளுக்கு. "சாப்பாட்டுச் சாமான்தானே, 30 போதும்" என்றார். நானும் தலையாட்டினேன். ஒன்றரை வருஷத்தில் சான்றிதழ் வந்தது, ஃபிரேம் போட்டு மாட்டியும் வைத்தோம்.

அப்புறம்தான் வினை. மார்த்தாண்டம் பக்கத்தில் இன்னொருவர் எங்கள் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயரில் சிப்ஸ் விற்க ஆரம்பித்தார். சான்றிதழை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனேன். அவர் பொருள் விவரத்தை விரலால் தொட்டு வாசித்தார்: தேன், கருப்பட்டி, மாவில் செய்த நொறுக்குத் தீனி. "அக்கா, இதுல உப்பேரி எங்க இருக்கு?" என்றார்.

விஷயம் இதுதான். அரிசி மாவில் சுடும் முறுக்கு வகுப்பு 30. தேன், கருப்பட்டி, மசாலா எல்லாமும் அங்கேதான். ஆனால் பழம், காய், கிழங்கைச் சீவிப் பொரித்தால் அது 29-க்குப் போய்விடும், ஊறுகாயும் சமையல் தேங்காய் எண்ணெயும் இருக்கிற வகுப்பு. எந்தச் சட்டியில் பொரித்தோம் என்று பார்ப்பதில்லை, மூலப்பொருள் என்ன என்றுதான் பார்க்கிறார்கள். எங்கள் வியாபாரத்தில் முக்கால்வாசி உப்பேரிதான், அதுதான் வெளியே நின்றது. 30-ஐ வைத்துக்கொண்டும் 'ஒத்த பொருள்தான்' என்று வாதாடலாமாம், ஆனால் 4,500 ரூபாயில் முடிகிற விஷயத்துக்குக் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டுமா என்று கேட்டார்.

29-ஐ அதிலேயே சேர்க்க முடியுமா என்றேன். முடியாது. போட்ட விண்ணப்பத்தில் பொருள்களைக் குறைக்கலாம், புதிதாகச் சேர்க்க முடியாது, பதிவானதற்கும் அதே கதைதான். புது விண்ணப்பம், புதுக் கட்டணம்.

அதே தாளில் இன்னொரு ஓட்டையையும் காட்டினார். எப்போதிருந்து இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்விக்கு ஏஜெண்ட் 'proposed to be used' என்று போட்டிருந்தார், அதாவது இனிமேல்தான் விற்கப் போகிறோம் என்று. மூன்று வருஷமாக விற்றுக்கொண்டிருந்தோம்! தேதி போட்டால் பிரமாணப் பத்திரம், ஆதாரம் எல்லாம் வைக்க வேண்டும், அந்த வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார். இந்தப் பதிலையும் பின்னால் மாற்ற விட மாட்டார்கள். நாளைக்கு யார் முதலில் விற்றார் என்று சண்டை வந்தால் நம் கையெழுத்தே நமக்கு எதிராக நிற்கும்.

இரண்டாவது தடவை 2018-க்கு ஆதாரம் தேடி வீட்டையே கவிழ்த்தோம். வாட்ஸ்அப் ஆர்டர்களை வக்கீல் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மாமியாரின் பழைய ரேஷன் கார்டு உறைக்குள் இருந்து லேபிள் அடித்த அச்சகத்தின் பில் கிடைத்தது, பெயரும் தேதியும் மஞ்சள் தாளில் தெளிவாக. அதையும் கடைகளுக்குப் போட்ட பில்களையும் பிரமாணப் பத்திரத்தோடு இணைத்தோம். லேபிள் படத்தை விட்டுவிட்டு வெறும் எழுத்தாகப் பெயரைக் கேட்டோம், ஏனென்றால் லேபிள் நிறத்தை இதற்குள் மூன்று தடவை மாற்றிவிட்டோம்.

இந்தத் தடவை போடுவதற்கு முன்னால் டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையத் தேடலில் 29, 30 இரண்டிலும் எழுத்தாக மட்டும் பார்க்காமல் Phonetic என்பதிலும் தேடினோம். ஒலி ஒத்த ஒரு பெயர் தென்பட்டது, மீன் வியாபாரம். எதிர்பார்த்தபடியே எங்கள் விண்ணப்பத்தின் நிலை Objected என்று மாறியது, 11-ஆம் பிரிவில் அந்தப் பெயரையே காட்டியிருந்தார்கள். பதிலுக்கு 30 நாள்தான். பொருள் வேறு, எங்கள் பயன்பாடு 2018-இல் இருந்து என்று அதே அச்சக பில்லை வைத்து எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். டிரேட்மார்க் ஜர்னலில் வந்த பிறகு நாலு மாசம் யாரும் எதிர்க்கவில்லை, 2024-இல் பதிவாகிவிட்டது. அதுவரை ™ மட்டும்தான் போட்டோம். பதிவாகாமல் ® போடுவது சட்டப்படி தவறு, ஊரில் பாதிப் பேர் தெரியாமல் போட்டிருக்கிறார்கள்.

இப்போது வீட்டில் காய்ச்சின தேங்காய் எண்ணெயையும் விற்கலாம் என்று பேச்சு. சமையலுக்கு என்றால் 29-இல் அதையும் எழுதியிருந்ததால் பிரச்சினை இல்லை. தலைக்குத் தேய்க்க என்று லேபிளில் போட வேண்டும் என்கிறாள் நாத்தனார். அது வகுப்பு 3, இன்னொரு 4,500.